முதல் வரியில் இருந்த 0.80

உலகம்மைக்குப் பேச்சு வராது என்றுதான் ஆரியசாலைத் தெருவில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். கடைக்குப் போனால் வேண்டியதை விரலால் காட்டி வாங்கி வருகிற பெண். அவள் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் படித்து, ஒரு கல்லூரியில் கெஸ்ட் லெக்சரராகப் போய்ச் சேர்ந்து, அறுபது பிள்ளைகளுக்கு முன்னால் நின்று பேசுகிறாள் என்று கேள்விப்பட்டபோது, "ஆரு, நம்ம உலகம்மையா?" என்று பக்கத்துக் கடைக்காரர் இரண்டு தரம் கேட்டார்.

வகுப்பில் பேசுவதற்கு அவள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். எதையும் சுருக்கமாக, மனப்பாடம் செய்ய வசதியாக, ஒரே வரியில் சொல்லிவிடுவது. யோசித்துப் பேச வேண்டிய இடத்தில் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். தயார் செய்த வரி கையில் இருந்தால் ஒட்டாது. பிள்ளைகளுக்கும் அது பிடித்திருந்தது. "உலகம்மை மிஸ் கிளாஸ்ல நோட்ஸ் ஒரு பக்கம், மார்க் முழுசு" என்பார்கள்.

வருஷம் தோறும் ஜூன் மாதம் கெஸ்ட் லெக்சரர்களுக்கு மறுபடி இன்டர்வியூ நடக்கும். அதில் பேர் வந்தால் வேலை, வராவிட்டால் இல்லை. டிப்பார்ட்மென்ட் தலைவி ஜெயலக்ஷ்மி டீச்சர் ஒரு வார்த்தை சொன்னால் பேர் வரும். அதனால் உலகம்மை ஜெயலக்ஷ்மி டீச்சர் முன்னால் இன்னும் குறைவாகப் பேசுவாள்.

அந்த செமஸ்டரில் அப்ளைடு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பாடம் அவளுக்கு வந்தது. கடைசி பாகம் ரிக்ரெஷன், அதாவது ஒன்றை வைத்து மற்றதைக் கணிக்கிற கோடு; அதன் அவுட்புட்டைப் படிப்பது. கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுக் கட்டம் கட்டமாக எண்களைத் தரும். அதைப் பார்த்து, எது ஸ்லோப், அதற்கு என்ன அர்த்தம், ஆர் ஸ்கொயர் என்ன சொல்கிறது என்று எழுத வேண்டும். ஸ்டிரைக், ஹர்த்தால், கலோத்சவக் கலைவிழா என்று வகுப்புகள் போய்விட்டன. லேபில் கிடைத்த கொஞ்ச நேரத்தில் அவள் உயரமும் எடையும், படித்த நேரமும் மார்க்கும் என்று நாலைந்து கணக்கு ஓட்டிக் காட்டினாள். எல்லாவற்றிலும் ஒன்று கூடினால் மற்றதும் கூடும்; ஒன்று கூட மற்றது குறைகிற, மைனஸ் வருகிற கணக்கு ஒன்றுகூட இல்லை.

"மேல முதல் வரி பாருங்க. மல்டிப்பிள் ஆர். அதுதான் கோரிலேஷன் r, ரெண்டுக்கும் உள்ள உறவு. தனியா கணக்குப் போட்டு நேரம் போக்க வேண்டாம். அங்க இருக்கதை அப்படியே எடுத்து எழுதுங்க."

வலியசாலையிலிருந்து வருகிற ஜானவி கையைத் தூக்கினாள். எதையும் சரிபார்க்காமல் எழுத மாட்டாத பெண். "மிஸ், ஸ்லோப் மைனஸா வந்தா r-உம் மைனஸாத்தானே வரணும்? இந்த வரி மைனஸ் காட்டுமா?"

உலகம்மையிடம் அதற்குத் தயார் செய்த வரி இல்லை. கடிகாரம் தெரிந்தது. வெளியே அடுத்த வகுப்புப் பிள்ளைகள் கதவில் நின்றார்கள். "கம்ப்யூட்டர் தப்புப் பண்ணாது ஜானவி. அவுட்புட்ல என்ன இருக்கோ அதை எழுது" என்றாள்.

ஜானவி தலையாட்டி எழுதிக்கொண்டாள்.

பரீட்சை முடிந்து வேல்யூவேஷன் கேம்ப் ஆரம்பித்தது. பல கல்லூரி ஆசிரியர்கள் ஒரு பெரிய ஹாலில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்துவார்கள். தாளில் பெயர் இருக்காது, யார் எந்தக் கல்லூரி என்று தெரியாதபடி வேறு நம்பர் போட்டிருக்கும். ஆசிரியர்களை வரிசையாக நீள மேஜைகளில் உட்கார வைத்திருந்தார்கள். உலகம்மைக்குப் பக்கத்தில் பிரஜின். பாறசாலைப் பக்கத்துப் பையன், அவனும் கெஸ்ட்தான், ஆனால் வாய் ஓயாது. இரண்டு மேஜை தள்ளி ஜெயலக்ஷ்மி டீச்சர்.

திருத்துவதற்கு முன்னால் சீஃப் எக்ஸாமினர் வெங்கடேஸ்வரன் சார் விடைக்குறிப்பை வாசித்தார். பதினோராவது கேள்வியில் ஒரு ரிக்ரெஷன் அவுட்புட் அச்சாகியிருந்தது. ஒரு கடையில் இருபது நாள் சின்ன வெங்காயத்தின் விலையும், அன்றன்று விற்ற கிலோவும். மல்டிப்பிள் ஆர் 0.80. ஆர் ஸ்கொயர் 0.64. இன்டர்செப்ட், கோடு தொடங்குகிற அளவு, 98. விலைக்கு நேரே ஸ்லோப், மைனஸ் 0.6. விலை எண்பது ரூபாய் ஆனால் எத்தனை கிலோ விற்கும் என்றும் கேட்டிருந்தது.

"ஸ்லோப்புக்கு அர்த்தம், விலை ஒரு ரூபா கூடினா விற்பனை சராசரியா 0.6 கிலோ குறையும். சராசரியான்னு எழுதலைன்னா அரை மார்க் குறைச்சுக்கோங்க. ஆர் ஸ்கொயர், விற்பனையில நாளுக்கு நாள் வர்ற ஏற்ற இறக்கத்துல அறுபத்திநாலு சதவீதத்தை விலை விளக்கறது. அறுபத்திநாலு சதவீதம் புள்ளி கோட்டு மேல இருக்குன்னு எழுதினா சைபர். அடுத்தது கோரிலேஷன். மைனஸ் 0.80."

உலகம்மை கேள்வித்தாளைப் பார்த்தாள். முதல் வரியில் 0.80 என்றுதான் இருந்தது. மைனஸ் இல்லை. விடைக்குறிப்பில் அச்சுப்பிழை என்று நினைத்தாள். எழுந்து சொல்லலாமா என்றுகூட நினைத்தாள். அவளுக்கு முன்னால் வேறு யாரோ கேட்டார்கள்.

"அவுட்புட்ல பிளஸ்ஸாத்தானே இருக்கு சார்?"

"அது மல்டிப்பிள் ஆர். நிஜமா வித்த கிலோவுக்கும், கோடு சொல்ற கிலோவுக்கும் உள்ள உறவு. அது எந்தக் காலத்துலயும் மைனஸாகாது. அளவை வேணா அங்கேருந்து எடுக்கலாம். பிளஸ் மைனஸ் அடையாளத்தை ஸ்லோப்லேருந்துதான் எடுக்கணும். ஸ்லோப் மைனஸ்னா r மைனஸ். அவ்வளவுதான்."

கேட்டவர் "சரி, சரி" என்று உட்கார்ந்தார். அவ்வளவு சின்ன விஷயம்.  வகுப்பில் கடிகாரத்தைப் பார்த்தபடி தான் சொன்ன வரி அப்படியே மறுபடி உலகம்மையின் காதில் விழுந்தது. அறுபது பிள்ளைகள் அதை எழுதிக்கொண்டார்கள்.

அவளுக்குக் கிடைத்த விடைத்தாள் கட்டில் யாரும் அந்தத் தப்பைச் செய்யவில்லை. மத்தியானம் வரை அவள் தலை நிமிராமல் திருத்தினாள். தன் கல்லூரித் தாள்கள் இந்த ஹாலுக்கே வராமல் இருக்கலாம் என்று ஒரு நினைப்பு வந்து, அதைப் பிடித்துக்கொண்டாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு பிரஜின் புதுக் கட்டு அவிழ்த்தான். ஐந்தாறு தாள் ஆனதும் "இதென்ன, எல்லாவனும் பிளஸ் 0.80-ன்னு எழுதி வச்சிருக்கான்" என்று முனகினான். பிறகு ஒரு தாளை எடுத்தவன் உதட்டைக் கடித்துக்கொண்டான்.

"டீச்சரே, இதொண்ணு கேக்கணும். இது லெவல் வேற." மேஜைக்கே கேட்கிற குரலில் வாசித்தான். "கோரிலேஷன் பிளஸ் 0.80. கம்ப்யூட்டர் கொடுத்திருப்பதே சரி. ஆகவே ஸ்லோப்பின் மைனஸ் குறி அச்சுப்பிழையாக இருக்க வேண்டும். விலை ஒரு ரூபாய் கூடினால் விற்பனை சராசரியாக 0.6 கிலோ கூடும். விலை எண்பது ரூபாய் ஆனால் நூற்று நாற்பத்தாறு கிலோ விற்கும்."

முதலில் சிரித்தது உலகம்மை. விஷயம் தெரிந்தவர்களோடு தானும் சேர்ந்தவள் என்று காட்டிக்கொள்ள வேண்டும் போல ஒரு அவசரம். அவள் சிரித்து முடிப்பதற்குள் மேஜை முழுக்கச் சிரித்தது.

"அந்தக் கடை எங்க இருக்குன்னு சொல்லச் சொல்லு. நான் என் வெங்காயத்தை அங்க கொண்டு போய் விக்கேன்" என்றார் ஒருவர்.

பிரஜின் தாளை அவள் பக்கம் நீட்டினான். "இங்க பாருங்க, சங்கடமும் உண்டு. முதல்ல சரியாத்தான் எழுதியிருக்கு. மைனஸ் 0.80, குறையும், அம்பது கிலோ. எல்லாத்தையும் அழகா ஸ்கேல் வச்சு அடிச்சிருக்கு. ஆரோ இந்தப் பிள்ளையைக் கெடுத்திருக்கான்."

விடைக்குக் கீழே இரண்டு கோடு. எழுத்துகள் சற்று இடப்பக்கம் சாய்ந்திருந்தன. மூன்று வருஷமாகப் பார்த்த ஜானவியின் கையெழுத்து. 'கம்ப்யூட்டர் கொடுத்திருப்பதே சரி' என்பது யார் சொன்னது என்றும் அவளுக்குத் தெரியும்.

மற்றப் பிள்ளைகள் பிளஸ் 0.80 என்று எழுதிவிட்டு, ஸ்லோப்புக்கு 'குறையும்' என்றே எழுதியிருந்தார்கள். இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை என்று அவர்கள் கவனிக்கவில்லை. அவர்களுக்குப் போனது ஒரு மார்க். ஜானவி கவனித்திருக்கிறாள். கவனித்து, தன் மூளையா மிஸ் சொன்னதா என்று யோசித்து, மிஸ் சொன்னதை நம்பி மற்ற எல்லாவற்றையும் அதற்கேற்ப மாற்றியிருக்கிறாள். அந்தக் கேள்வியில் ஆர் ஸ்கொயருக்கு மட்டும் அவளுக்கு மார்க் கிடைத்தது.

சிரிப்புச் சத்தம் கேட்டு வெங்கடேஸ்வரன் சார் வந்தார். தாளை வாங்கிப் பார்த்தார். அவர் சிரிக்கவில்லை. பிரஜினின் கட்டைப் புரட்டினார்.

"ஒரே காலேஜ் பிள்ளைகளா இருக்கும். கிளாஸ்ல அப்படிச் சொல்லிக் குடுத்திருக்கா. சொல்லிக் குடுத்தவா இங்க யாராவது உண்டுன்னா சொல்லலாம். நான் பேர் ஒண்ணும் எழுதிக்கப் போறதில்லை. சொல்லிக் குடுத்ததாலதான்னு தெரிஞ்சா, பரீட்சை போர்டு சேர்மன்கிட்டப் பேசி ஸ்டெப் மார்க்காவது வாங்கித் தரப் பார்க்கலாம். தெரியாம நான் எப்படிக் கேக்கறது?"

 ஜெயலக்ஷ்மி டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். உலகம்மை தன் முன்னால் இருந்த தாளில் ஏற்கெனவே போட்ட மார்க்கை மறுபடி கூட்டினாள். கூட்டியதையே இன்னொரு தரம் கூட்டினாள். எழுந்து 'நான்தான் சார்' என்று சொல்ல இரண்டு வார்த்தை போதும். அந்த இரண்டு வார்த்தையை அவள் மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். சொல்லிப் பார்ப்பதற்குள் சார் அடுத்த மேஜைக்குப் போய்விட்டார்.

"சார் பாவம்" என்றான் பிரஜின். "எந்தச் சாரு எந்திரிச்சு நிப்பான், நான்தான் முட்டாளுன்னு. அல்லே டீச்சரே?"

"ம்" என்றாள் உலகம்மை.

அன்று வீட்டுக்கு வந்தவளிடம் அவள் புருஷன் விஜய்குமார், "என்ன, முகம் இப்படி இருக்கு, பிள்ளைகள் எல்லாம் பெயிலா?" என்றான். அவன் சாலைக் கம்போளச் சந்தையில் வெங்காயம், உருளை மொத்த வியாபாரக் கடையில் வேலை பார்க்கிறவன். அவனிடம் சொன்னால் சிரிப்பான். மோசமாகச் சிரிக்க மாட்டான், ஆனால் சிரிப்பான். "தலைவலி" என்று சொல்லிவிட்டு அவள் பாத்திரம் விளக்கப் போனாள்.

ரிசல்ட் வந்தது. ஜூன் இன்டர்வியூவும் முடிந்து, பட்டியல் வர வேண்டியிருந்தது. ஒரு சாயங்காலம் போனில் ஜானவி. "மிஸ், ஆத்துல இருக்கேளா? ஒரு பத்து நிமிஷம் வரலாமா?"

வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

ஜானவி விடைத்தாளின் ஜெராக்ஸோடு வந்தாள். பணம் கட்டினால் யூனிவர்சிட்டி கொடுக்கும். முகத்தில் கோபம் இல்லை. அதுதான் உலகம்மைக்குத் தாங்கவில்லை. கோபத்தோடு வந்திருந்தால் இவளும் நிமிர்ந்து பார்த்திருப்பாள்.

"மிஸ், அப்ளைடுல மட்டும் குறைஞ்சுடுத்து. எம்.எஸ்ஸி. அட்மிஷன்ல இங்க பேர் வரலை, கொஞ்சத்துல போயிடுத்து. நாகர்கோவில்ல ஒரு காலேஜ்ல கிடைச்சிருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள சேரணும். அப்பா சொல்றார், ரீவேல்யூவேஷன் போட்டுட்டு இங்கயே வெயிட் பண்ணு, ஹாஸ்டல் எல்லாம் வேண்டாம்னு. நானும் அந்த சீட்டை விட்டுடலாம்னு இருக்கேன்."

அவள் தாளை மேஜையில் விரித்தாள். பிரஜின் போட்ட சைபர்கள்.

"இது பாருங்கோ மிஸ். நீங்க சொல்லிக்குடுத்த மாதிரியே முதல் வரியைத்தான் எழுதினேன். ஸ்லோப்ல மைனஸ் தப்பா அச்சாயிருக்குன்னும் எழுதியிருக்கேன். திருத்தினவா படிக்கவே இல்லை. இது ஏறும், இல்லையா? நீங்க ஏறும்னு சொன்னா நான் நாகர்கோவிலை விட்டுடறேன்."

உலகம்மை சமையல்கட்டுக்குப் போய்த் தண்ணீர் கொண்டு வந்தாள். டம்ளரைக் கொடுத்தாள். பிறகு தனக்கு ஒன்று கொண்டு வரப் போனாள். அங்கேயே கொஞ்ச நேரம் நின்றாள். ஏறும் என்று சொன்னால் இந்தப் பெண் சந்தோஷமாகப் போவாள். மார்க் ஏறாதபோது யூனிவர்சிட்டியைத்தான் திட்டுவாள். யாருக்கும் எதுவும் தெரிய வராது. அந்த எண்ணம் எவ்வளவு சுலபமாக வந்து நின்றது என்று பார்த்தபோது அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

வந்து உட்கார்ந்தாள். ஜானவியின் முகத்தைப் பார்க்காமல், ஜெராக்ஸைப் பார்த்துப் பேசினாள்.

"ஏறாது ஜானவி. நாகர்கோவில்ல சேர்ந்துரு."

"ஏன் மிஸ்?"

"அடிச்சு வச்சிருக்கே, அதுதான் சரி. மைனஸ் 0.80. கிலோ குறையும். எண்பது ரூபாய்க்கு அம்பது கிலோ. நீ முதல்ல எழுதினது எல்லாம் சரி."

ஜானவிக்குப் புரியவில்லை. அடித்த வரிகளையும், கீழே எழுதியதையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்போ முதல் வரி?"

"மல்டிப்பிள் ஆர் மைனஸே ஆகாது. எந்த அவுட்புட்லயும் ஆகாது. அடையாளம் ஸ்லோப்ல இருந்து எடுக்கணும். எனக்கு அது தெரியலை. நான் காட்டின கணக்கு எல்லாம் பிளஸ்ஸாவே இருந்துச்சு, அதனால தெரியாமலே போயிருச்சு." உலகம்மை நிறுத்தினாள். அது காரணம் சொல்வது போல் இருந்தது. "நீ அன்னிக்குக் கேட்டே. நான் யோசிக்கல."

 ஜானவி விரலால் அந்த ஸ்கேல் கோட்டைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"ஹால்ல இதுக்கே அரை மணி நேரம் உக்காந்திருந்தேன் மிஸ்" என்றாள் கடைசியில். "எங்காத்துல வெங்காயம் விலை ஏறினா அம்மா வாங்க மாட்டா. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் அடிச்சேன்."

உலகம்மை ஜெராக்ஸைத் தன் பக்கம் இழுத்து, அடித்த வரிகளை ஒரு தரம் படித்தாள்.

"ஆர் ஸ்கொயர் சரிதானே? அதுக்கு மார்க் இருக்கு."

"அது சரி."

"அதுவும் நீங்கதான் சொல்லிக்குடுத்தேள்" என்றாள் ஜானவி. ஆறுதலாகச் சொன்னாளா, குத்தலாகவா என்று தெரியவில்லை. அவளுக்கே தெரிந்திருக்காது. தாள்களை அடுக்கிப் பைக்குள் வைத்தாள். வாசல் வரை போய்த் திரும்பினாள்.

"கிரிஷ், ஸ்ரீலக்ஷ்மி எல்லாரும் இந்தக் கேள்விக்காக ரீவேல்யூவேஷனுக்குப் பணம் கட்டப் போறா மிஸ். நாளைக்குக் கடைசி. நான் சொல்லட்டுமா, நீங்க சொல்றேளா?"

கிளாஸ் வாட்ஸாப் குரூப் ஒன்று இருந்தது. அதில் பிள்ளைகளும் உலகம்மையும் மட்டுமல்ல, அதை ஆரம்பித்த ஜெயலக்ஷ்மி டீச்சரும் உண்டு. ஜானவிக்கும் அது தெரியும். அவள் உலகம்மையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவசரப்படுத்தவில்லை.

"நானே சொல்றேன்" என்றாள் உலகம்மை.

ஜானவி போன பிறகு அவள் போனை எடுத்தாள். 'ஒரு சிறு திருத்தம்' என்று ஆரம்பித்தாள். அதை அழித்தாள். 'சில பேருக்குக் குழப்பம் ஏற்பட்டிருக்கலாம்' என்று எழுதி, அதையும் அழித்தாள். கடைசியில் எழுதியது இது: "பதினோராவது கேள்வியில் r மைனஸ் 0.80 என்பதுதான் சரி. மல்டிப்பிள் ஆர் வரியை அப்படியே எழுதச் சொன்னது நான். அது தப்பு. திருத்தியவர்கள் போட்ட மார்க் சரி. ஸ்லோப்பையும் அதற்காக மாற்றி எழுதியவர்களுக்கும் மார்க் ஏறாது. இந்தக் கேள்விக்காக யாரும் ரீவேல்யூவேஷனுக்குப் பணம் கட்ட வேண்டாம்."

அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். உடனே மறுபடி எடுத்துப் பார்த்தாள். ஒவ்வொருவராகப் படித்துக்கொண்டிருந்தார்கள். யாரும் எதுவும் எழுதவில்லை. 'எழுதுகிறார்' என்று ஒரு பேர் வந்தது, போனது. பிறகு கிரிஷ், "ஓகே மிஸ்" என்று போட்டான். வேறு ஒருவரும் போடவில்லை.

போன் அடித்தது. ஜெயலக்ஷ்மி டீச்சர்.

"உலகம்மை, இப்பத்தான் பார்த்தேன். கேம்ப்ல வெங்கடேஸ்வரன் சார் கேட்டது இதைத்தானே?"

"ஆமா டீச்சர்."

"அன்னிக்கு நீங்க அங்க இருந்தீங்களே. பிரஜின் பக்கத்துல."

அன்றைக்கு இன்னும் தெரியாது என்று சொல்லலாம். பிறகு புத்தகம் பார்த்துத்தான் தெரிந்தது என்று சொல்லலாம். டீச்சர் நம்புவார்.

"இருந்தேன் டீச்சர்" என்றாள் உலகம்மை. "தெரிஞ்சுதான் உக்காந்திருந்தேன்."

 டீச்சர் போனை வைக்கவில்லை. உலகம்மை போனைக் காதில் வைத்தபடி, அவர் சொல்லப்போவது என்னவென்று கேட்க நின்றாள்.